சுத்தமாக இருக்கும் லீட்தான் சாட்சி: ஈசிஜியில் வயரும் நடுக்கமும் காட்டும் பொய் நோய்கள்

நர்சிங் இரண்டாம் ஆண்டில் நான் எடுத்த ஒரு ஈசிஜி இன்னும் நினைவில் இருக்கிறது. மறுநாள் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தயாராக இருந்த 58 வயதுக்காரர். நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, படுத்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் மெஷின் தாளின் தலையில் இரண்டு வரி அச்சடித்தது: பக்கவாட்டு மாரடைப்பு இருக்கலாம், இதயத்தின் மின் அச்சு வலப்பக்கம் விலகியிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. தாளைத் தூக்கிக்கொண்டு மயக்க மருந்து டாக்டரிடம் ஓடினேன். அவர் இரண்டு நொடி பார்த்தார். "கை வயர் மாறியிருக்கு சிஸ்டர், மறுபடி எடுத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு நொடியில் அவர் என்ன பார்த்தார் என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. எந்த வயர் எந்த லீடில் சேர்கிறது என்று தெரிந்தால் போதும், தாளைப் பார்த்தே எந்த வயரில் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

முதலில் மூன்று கழித்தல் கணக்கு

ஒரு லீட் என்பது ஒரு வயர் இல்லை. உடம்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம்தான் லீட். வலது கை வயரில் RA, இடது கை வயரில் LA, இடது கால் வயரில் LL என்று எழுதியிருக்கும் (சில மெஷின்களில் R, L, F). நான்காவதான வலது கால் வயர், RL அல்லது N, கணக்கில் வராது. அது மெஷினுக்கு ஒரு நிலையான ஆதாரப்புள்ளி கொடுத்து, கரண்ட் இரைச்சலைக் குறைக்க இருக்கிறது.

```
I   = LA − RA
II  = LL − RA
III = LL − LA
```

இந்த மூன்று வரியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு லீடிலும் ஒரு வயர் விடுபட்டிருப்பதைக் கவனியுங்கள். லீட் I-இல் கால் இல்லை, II-இல் இடது கை இல்லை, III-இல் வலது கை இல்லை. பின்னால் நமக்கு உதவப்போவது இந்த விடுபடல்தான்.

V1 முதல் V6 வரை உள்ள நெஞ்சு லீடுகளிலும் இதே கழித்தல்தான். நெஞ்சில் ஒட்டிய எலெக்ட்ரோடின் மதிப்பிலிருந்து RA, LA, LL மூன்றின் சராசரியை மெஷின் கழிக்கிறது. அதனால் கையில் ஏற்படும் கோளாறு நெஞ்சு லீடுகளிலும் கொஞ்சம் தெரியும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான்.

வயரைக் கையில் எடுக்கும்போது

நிறத்தை நம்பி ஒட்டாதீர்கள், எழுத்தைப் படித்து ஒட்டுங்கள். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் இரண்டு நிறமுறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய முறையில் வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. அமெரிக்க முறையில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. சிவப்பு ஒன்றில் வலது கை, மற்றொன்றில் இடது கால். பச்சையும் கறுப்பும்கூட அதேபோல வேறு இடங்களுக்குப் போய்விடுகின்றன. ஒரு வார்டில் ஒரு முறையில் பழகிய கை, இன்னொரு வார்டில் வேறு கேபிள் வந்தால் பழக்கத்தில் தப்பாகத்தான் போகும்.

வயரைப் பிரிக்கும்போது முழுச் சிக்கலையும் நோயாளியின் வயிற்றின் மேல் போட்டு ஒவ்வொன்றாக இழுக்காதீர்கள். கேபிள் பெட்டியிலிருந்து விரலால் வயரைத் தொடர்ந்து வந்து, நுனியில் உள்ள எழுத்தைப் படித்து, நோயாளியின் வலது, இடதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு மாட்டுங்கள். நீங்கள் அவருக்கு எதிரே நிற்கிறீர்கள், உங்கள் வலது அவருடைய இடது. என் 58 வயதுக்காரரிடம் நான் செய்த தப்பு இதுதான்.

கை எலெக்ட்ரோடுகளைத் தோளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வையுங்கள். மணிக்கட்டில் வைத்தால் நாடி துடிக்கும் இடத்தைத் தவிர்த்து வையுங்கள். ஏன் என்று கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முடி அடர்த்தியாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, தோலை லேசாகத் தேய்த்து ஒட்ட வேண்டும். ஜெல் காய்ந்த எலெக்ட்ரோடைத் தூக்கி எறியுங்கள். கோடு மேலும் கீழுமாக அலைவது பெரும்பாலும் இந்தக் காய்ந்த ஜெல்லாலோ மூச்சாலோ வருவது.

கை இரண்டும் மாறினால் தாளில் என்ன தெரியும்

அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிதாக இருக்க, சரியாக எடுத்திருந்தால் கீழறைகளின் துடிப்பைக் காட்டும் கூர்மையான அலையான கியூஆர்எஸ்ஸின் நிகர உயரம் லீட் I-இல் +6 மி.மீ., II-இல் +9, III-இல் +3 என்று வைத்துக்கொள்வோம். நிகரம் என்றால் மேலே போன உயரத்திலிருந்து கீழே போன ஆழத்தைக் கழித்தது.

இப்போது கைகளை மாற்றுங்கள். லீட் I-இன் கணக்கு தலைகீழாகிறது, +6 இருந்த இடத்தில் −6. II-இல் வலது கைக்குப் பதில் இடது கை வந்துவிட்டது, அதாவது அது பழைய III. அதேபோல III பழைய II ஆகிறது. ஆக −6, +3, +9. இதே மூன்று வயரிலிருந்து வரும் aVR, aVL, aVF லீடுகளில், ஒரு வயரின் மதிப்பிலிருந்து மற்ற இரண்டின் சராசரியை மெஷின் கழிக்கிறது; aVR-க்கு வலது கை, aVL-க்கு இடது கை, aVF-க்கு இடது கால். அதனால் aVR-உம் aVL-உம் இடம் மாறிக்கொள்கின்றன. aVF மாறாது, ஏனென்றால் அதில் இரண்டு கைகளும் சராசரியாகத்தான் சேர்கின்றன. நெஞ்சு லீடுகளும் மாறாது, மூன்றின் சராசரியில் யார் எங்கே நின்றாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான்.

லீட் I கீழ்நோக்கி, aVF மேல்நோக்கி என்றால் மெஷின் அதை வலப்பக்க அச்சு விலகல் என்று படிக்கும். aVL-இல் இப்போது இருப்பது உண்மையில் aVR. அதில் எல்லாமே கீழ்நோக்கித்தான் இருக்கும், ஆழமான கியூ அலை போலவும் தெரியும். I-இலும் aVL-இலும் கியூ என்றால் பக்கவாட்டு மாரடைப்பு. மெஷின் பொய் சொல்லவில்லை, அதற்குக் கொடுத்த கணக்கைச் சரியாகத்தான் போட்டது.

டாக்டர் பார்த்தது இதைத்தான். லீட் I-இல் கியூஆர்எஸ் மட்டும் தலைகீழாக இல்லை, மேலறையின் பி அலை, கியூஆர்எஸ், அதன்பின் வரும் டி அலை மூன்றும் சேர்ந்து தலைகீழாக இருந்தன. aVR-இல் மூன்றும் நிமிர்ந்து நின்றன. சாதாரண சைனஸ் தாளத்தில் பி அலை I-இல் நிமிர்ந்தும் aVR-இல் கவிழ்ந்தும் இருக்க வேண்டும். மாரடைப்பு கியூ அலையைக் கொண்டுவரும், டி அலையைக் கவிழ்க்கும், ஆனால் பி அலையைத் தலைகீழாக்காது.

அப்புறம் V6-ஐப் பார்த்தார். I-உம் V6-உம் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து, இடப்பக்கத்திலிருந்து, இதயத்தைப் பார்க்கின்றன. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்திருக்க வேண்டும். I தலைகீழாகவும் V6 நிமிர்ந்தும் இருந்தால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். இதயமே வலப்பக்கம் இருக்கும் டெக்ஸ்ட்ரோகார்டியாவிலும் I தலைகீழாகத்தான் வரும். ஆனால் அங்கே நெஞ்சு லீடுகளும் கெட்டிருக்கும், V1-இலிருந்து V6-க்குப் போகப் போக ஆர் அலை வளராமல் சுருங்கிக்கொண்டே போகும். கை வயர் மட்டும் மாறியிருந்தால் நெஞ்சு லீடுகளில் ஒரு குறையும் இருக்காது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். I-ஐயும் III-ஐயும் கூட்டினால் II வர வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அதை வைத்து வயர் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். −6-ஐயும் +9-ஐயும் கூட்டினால் +3 வருகிறது, கணக்கு சரியாகவே இருக்கிறது. வயர் எப்படி மாறினாலும் அந்தச் சமன்பாடு உடையாது.

வலது கால் வயர் ஏதாவது ஒரு கைக்குப் போய்விட்டால் இன்னும் சுலபம். RA-உம் RL-உம் மாறினால் லீட் II ஏறக்குறைய நேர்கோடாகிவிடும். இரண்டு கால்களிலும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லை. LA-உம் RL-உம் மாறினால் அதேபோல III நேர்கோடாகும். மற்ற லீடுகளில் இதயம் துடித்துக்கொண்டிருக்க ஒரே ஒரு கை கால் லீட் மட்டும் செத்துக் கிடந்தால் கால் வயரைப் போய்ப் பாருங்கள்.

என்னைப் பயமுறுத்துவது இடது கையும் இடது காலும் மாறுவது. அதே ஆளின் எண்களைப் போட்டால் I-இல் +9, II-இல் +6, III-இல் −3 வரும். பார்த்தால் சாதாரண ஈசிஜி மாதிரியே இருக்கும். ஆனால் aVL-உம் aVF-உம் இடம் மாறி, III தலைகீழாகிவிட்டதால் கீழ்ச்சுவர் மாரடைப்பு இருந்தால் மறையலாம், இல்லாவிட்டால் இருப்பதுபோலத் தோன்றலாம். ஒரு சிறிய துப்பு உண்டு. வழக்கமாக பி அலை II-இல் I-ஐ விட உயரமாக இருக்கும். I-இல் உயரமாக இருந்தால் சந்தேகப்படலாம். இது எப்போதும் கைகொடுக்காது. பழைய ஈசிஜியோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி, பழையது இல்லையென்றால் வயர்களை மறுபடி தொட்டுப் பார்ப்பது. வலது காலும் இடது காலும் தங்களுக்குள் மாறினால் தாளில் ஒன்றும் தெரியாது, கவலைப்படவும் வேண்டாம்.

நடுங்கும் கை ஏட்ரியல் ஃப்ளட்டர் ஆகும்போது

இப்போது வயரெல்லாம் சரி, ஆனால் நோயாளி அசைகிறார். பார்கின்சன் நோயில் கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை. நடுவில் 5 என்று எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 300. ஏட்ரியல் ஃப்ளட்டரில் மேலறை துடிக்கும் வேகமும் சுமார் 300-தான். தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுவதால் ஒவ்வொரு நடுக்கமும் சரியாக 5 மி.மீ. தள்ளி, ஒரு பெரிய கட்டத்துக்கு ஒன்றாக விழும். நோயாளியின் நாடி 75 என்றால் ரம்பப்பல் போன்ற நான்கு அலைக்கு ஒரு கியூஆர்எஸ். பாடப்புத்தகத்தில் இருக்கும் 4-க்கு 1 ஃப்ளட்டர் படம் அப்படியே கண்முன் வந்து நிற்கும். இதை நம்பி இல்லாத ஃப்ளட்டருக்கு ரத்தம் உறையாத மாத்திரை தொடங்கினால் அந்த ஆளுக்கு ரத்தக்கசிவு ஆபத்தை நாமே கொடுத்ததாகிவிடும்.

முன்னால் சொன்ன விடுபடல் இங்கேதான் உதவுகிறது. நடுங்குவது வலது கை என்றால் RA சேரும் I-இலும் II-இலும் ரம்பப்பல் தெரியும், aVR-இலும் அதே அளவு பெரிதாக இருக்கும். aVL, aVF இரண்டிலும் பாதி அளவு, நெஞ்சு லீடுகளில் மூன்றில் ஒரு பங்கு. III-இல் RA இல்லவே இல்லை, அங்கே கோடு சுத்தமாக ஓடும். இடது கை நடுங்கினால் II சுத்தம். கால் நடுங்கினால் I சுத்தம்.

தாளை எடுத்ததும் I, II, III மூன்றையும் மட்டும் பாருங்கள். மூன்றில் ஒன்று சுத்தமாக இருந்தால், அதில் சேராத வயர்தான் குற்றவாளி. அந்தச் சுத்தமான லீடில் ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கு முன்னும் ஒரே மாதிரி பி அலை ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஃப்ளட்டர் கிடையாது. மேலறை உண்மையிலேயே நிமிடத்துக்கு 300 தடவை சுற்றிக்கொண்டிருந்தால் எந்த லீடிலும் ஒழுங்கான சைனஸ் பி அலை வர வழியில்லை. உண்மையான ஃப்ளட்டர் பொதுவாக II, III, aVF மூன்றிலும் நன்றாகத் தெரியும். III மட்டும் தப்பித்துக்கொள்ளாது.

இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கினால் மூன்று லீடிலும் அழுக்கு இருக்கும், அப்போது இந்த வழி உதவாது. நோயாளியைக் கட்டாயப்படுத்தி "ஆடாம இருங்க" என்று சொல்வதும் பயனில்லை, பதற்றத்தில் நடுக்கம் கூடத்தான் செய்யும். உள்ளங்கை கீழே இருக்கும்படி இரண்டு கைகளையும் அவருடைய இடுப்புக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், உடம்பின் எடையே கையைப் பிடித்துக்கொள்ளும். குளிரில் நடுங்குபவர் என்றால் போர்வை போர்த்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். அப்படியும் அடங்கவில்லையென்றால் கை எலெக்ட்ரோடுகளை மேற்கைக்கு ஏற்றலாம். எலெக்ட்ரோடுகளைத் தோள்பட்டைக்கும் இடுப்புக்குமே கொண்டுபோனால் மின் அச்சு நகரும், பழைய கீழ்ச்சுவர் மாரடைப்பின் கியூ அலை மறைந்துபோகவும் கூடும். வேறு வழியில்லாமல் அப்படி எடுத்தால் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

தசை இரைச்சலை மறைக்க ஃபில்டர் பட்டனை அழுத்தும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அது கோட்டை அழகாக்கும், ஆனால் கியூஆர்எஸ்ஸின் உயரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், பேஸ்மேக்கரின் கூர்முனையை மறைத்தாலும் மறைக்கும். நடுக்கத்தின் வேகம் 5 ஹெர்ட்ஸ்தான் என்பதால் ஃபில்டர் அதைத் தொடவும் தொடாது. எனவே முதலில் நோயாளியைச் சரிசெய்யுங்கள், பட்டன் கடைசியில்.

மானிட்டரில் வி.டி., கட்டிலில் பல் தேய்ப்பு

காலையில் மானிட்டர் அலாரம் அடிக்கும். திரையில் அகலமான அலைகள், வேகம் 200-க்கு மேல், வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா என்று எழுதியிருக்கும். ஓடிப் போனால் நோயாளி பல் தேய்த்துக்கொண்டிருப்பார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. வி.டி. வந்த சிலர் நினைவோடு பேசிக்கொண்டும் இருப்பார்கள். "பேசுகிறார், அதனால் இது வெறும் அசைவு" என்று முடிவுகட்டுவது ஆபத்து. எனவே முதலில் நாடியைத் தொடுங்கள், ஆளைப் பாருங்கள், ரத்த அழுத்தம் எடுங்கள். அசைவை நிறுத்தியும் திரை மாறவில்லையென்றால் உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஆள் சரியாக இருந்தால் அந்த நேரத்துப் பட்டையை அச்செடுங்கள்.

பட்டையில் தேட வேண்டியது ஒளிந்திருக்கும் கியூஆர்எஸ். கலவரம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள இரண்டு தெளிவான கியூஆர்எஸ்களின் உச்சியை ஒரு தாளின் விளிம்பில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாடி 75 என்றால் இடைவெளி 20 மி.மீ., நான்கு பெரிய கட்டம். அந்த விளிம்பை அப்படியே கலவரத்துக்குள் நகர்த்துங்கள். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் பெரிய அலையின் மேட்டிலோ பள்ளத்திலோ ஒரு மெல்லிய கூர்முனை தலைகாட்டினால், இதயம் தன் பழைய தாளத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே தெரிந்த பெரிய அலைகள் பல் துலக்கும் கையுடையவை. விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவியின் அலையும் அதே நேரத்தில் 75 என்று ஒழுங்காகப் போயிருந்தால் இன்னொரு சாட்சி. கை ஆடும்போது அந்த அலையும் கெடும் என்பதால் நான் கூர்முனையைத்தான் அதிகம் நம்புவேன்.

நாடியின் மேல் எலெக்ட்ரோடு

இது அரிது, ஆனால் வந்தால் எல்லாரையும் குழப்பும். மணிக்கட்டில் சரியாக நாடித் தமனியின் மேல் எலெக்ட்ரோடு உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொரு துடிப்பும் அதைத் தூக்கிப் போடும். நடுக்கத்தைப் போல இது சம்பந்தமில்லாத நேரத்தில் வராது. இதயத் துடிப்போடு பூட்டியபடி, ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் பிறகு ஒரே இடத்தில் வரும். விளைவாக எஸ்டி பகுதியும் டி அலையும் பூதாகரமாகத் தெரியும். கடுமையான மாரடைப்பு, பொட்டாசியக் கோளாறு, மூளை ரத்தக்கசிவு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இதிலும் அந்த விடுபடல்தான் காட்டிக்கொடுக்கிறது. I, II இரண்டிலும் பயங்கரமான டி அலை, III-இல் மட்டும் எல்லாம் சாதாரணம் என்றால் வலது மணிக்கட்டைப் பாருங்கள். எலெக்ட்ரோடை இரண்டு விரல் அளவு தள்ளி ஒட்டி மறுபடி எடுங்கள். அடுத்த தாளில் பூதம் காணாமல் போயிருக்கும். போகவில்லையென்றால் அது உண்மையான மாற்றம், தாளோடு டாக்டரிடம் ஓடுங்கள்.

V1, V2 மாடியேறினால்

கை கால் வயர்களை விட அதிகமாக நடக்கும் தப்பு இது. V1, V2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் வலது விளிம்பில் ஒன்றும் இடது விளிம்பில் ஒன்றுமாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் கண்ணளவில் இரண்டாவது அல்லது மூன்றாவது இடைவெளியில் ஒட்டிவிடுகிறார்கள். நமக்கு நெஞ்சு என்றாலே கழுத்துக்குப் பக்கத்தில்தான் தோன்றுகிறது போல.

எண்ணும் விதம் இது. கழுத்தின் அடிக்குழியில் விரலை வைத்து மார்பெலும்பின் மேலேயே கீழே இறங்குங்கள். மூன்று நான்கு விரல்கடை இறங்கியதும் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டில்தான் இரண்டாவது விலா வந்து சேர்கிறது. அங்கிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டாவது விலா, அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. இன்னொரு விலா, இன்னொரு பள்ளம் என்று நான்காவது பள்ளம் வரை விரலால் நடந்து போங்கள். காறை எலும்புக்குக் கீழே தெரியும் முதல் பள்ளத்திலிருந்து எண்ணத் தொடங்குவது தப்பு, முதல் விலா அதனடியில் ஒளிந்திருப்பதால் எண்ணிக்கை பிசகும்.

V2-க்குப் பிறகு V3-ஐ ஒட்டாதீர்கள், V4-க்குப் போங்கள். அது ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில். V2-க்கும் V4-க்கும் நடுவில் V3. V5, V6 இரண்டும் V4-இன் மட்டத்திலேயே நேராகப் பக்கவாட்டில் போக வேண்டும், விலாவின் வளைவோடு மேலே ஏறக்கூடாது. முலைக்காம்பை அடையாளமாக வைக்காதீர்கள், ஆளுக்கு ஆள் அது இடம் மாறும். பெண்களுக்கு V4 முதல் மார்பகத்துக்கு அடியில் ஒட்டுவதுதான் வழக்கம். திரை போட்டு, சொல்லிவிட்டு, உங்கள் புறங்கையால் தூக்கி ஒட்டுங்கள்.

V1, V2 மேலே ஏறினால் என்ன ஆகும்? அங்கிருந்து பார்க்கும்போது இதயத்தின் மின்னோட்டம் கீழே, விலகிப் போகிறது. அதனால் ஒவ்வொரு இடைவெளி ஏறும்போதும் ஆர் அலை சுமார் 1 மி.மீ. குறைகிறது. V1, V2-இல் ஆர் அலை ஏற்கெனவே சின்னதுதான், அது முழுதாகக் கரைந்து போனால் பழைய முன்சுவர் மாரடைப்பின் தழும்பு மாதிரி தெரியும். சிலருக்கு எஸ் அலைக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு குட்டி ஆர் எழும், வலது கிளை அடைப்பின் தொடக்கம் என்று மெஷின் எழுதும். சிலருக்கு எஸ்டி குதிரைச் சேணம் போல வளைந்து இதயம் திடீரென நின்றுபோகக்கூடிய ப்ருகாடா நோயோ என்ற பயத்தைக் கிளப்பும். உண்மையான ப்ருகாடாவைத் தேடும்போது டாக்டர்களே வேண்டுமென்று மேலே ஒட்டச் சொல்வதும் உண்டு. அப்போது எந்த இடைவெளி என்று தாளில் எழுதியிருக்க வேண்டும்.

காட்டிக்கொடுப்பது பி அலைதான். சரியான இடத்தில் V1-இன் பி அலை பெரும்பாலும் முதலில் கொஞ்சம் மேலே போய்ப் பிறகு கீழே இறங்கும், V2-இல் நிமிர்ந்திருக்கும். V1-இல் முழுவதும் கவிழ்ந்து, V2-இலும் கவிழ்ந்தோ பாதி கவிழ்ந்தோ இருந்தால், அதோடு அந்த இரண்டு லீடுகளும் aVR-இன் ஜாடையில் இருந்தால், மறுபடி எண்ணிப் பாருங்கள். இடது மேலறை பெரிதானவர்களுக்கும் V1-இன் பி அலை கவிழலாம். அதனால் இதைத் தீர்ப்பாக வைக்காதீர்கள், விரலால் மறுபடி எண்ண ஒரு காரணமாக வையுங்கள்.

வயரைக் கழற்றுவதற்கு முன்

தாள் வெளியே வந்ததும் கிளிப்பில் கை வைக்காதீர்கள். வயர் உடம்பில் இருக்கும்போதே தாளைப் பாருங்கள். நான் பார்க்கும் வரிசை: லீட் I-இல் பி அலை நிமிர்ந்திருக்கிறதா, aVR கவிழ்ந்திருக்கிறதா; I-உம் V6-உம் ஒத்துப்போகின்றனவா; I, II, III-இல் ஏதாவது ஒன்று மட்டும் நேர்கோடாகவோ, ஒன்று மட்டும் சுத்தமாகவோ இருக்கிறதா; V2-இன் பி அலை எப்படி. அரை நிமிடம் கூட ஆகாது. தாளின் ஓரத்தில் வேகம் 25, உயரம் 10 என்று அச்சாகியிருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

தப்பு தெரிந்தால் பேனாவால் லீட் பெயரை அடித்துத் திருத்தாதீர்கள். மறுபடி எடுங்கள். முதல் தாளில் "கை வயர் மாறியது, மறுபடி எடுக்கப்பட்டது" என்று எழுதி, நேரம் போட்டு, வார்டு முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யுங்கள். குறிப்பில்லாத தப்புத் தாள் ஃபைலில் தங்கிவிட்டால், அடுத்த தடவை அவர் வரும்போது அதுதான் "பழைய ஈசிஜி" ஆகும். சரியான தாளைப் புது மாரடைப்பு என்று படிப்பார்கள்.

நெஞ்சு வலிக்காக மணிக்கொரு தடவை எடுக்கும் நோயாளிக்கு, முதல் தடவை எண்ணி ஒட்டியதும் ஆறு இடங்களையும் தோல் பேனாவால் குறித்துவிடுங்கள். டூட்டி மாறி வருபவர் அந்தப் புள்ளியிலேயே ஒட்டினால்தான், இரண்டு தாளுக்கும் இடையே தெரியும் மாற்றம் இதயத்துடையது என்று சொல்ல முடியும்.

அந்த 58 வயதுக்காரருக்கு நான் மறுபடி எடுத்தபோது, மெஷின் மேலே ஒரே ஒரு வரிதான் அச்சடித்தது: சாதாரண சைனஸ் தாளம். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏம்மா, முதல்ல எடுத்தது நல்லா வரலையா?" என்று கேட்டார். "வயர் மாத்தி மாட்டிட்டேன் ஐயா" என்றேன்.